எலி ஆப்டோஜெனெடிக்ஸ் பேப்பரை ஜர்னல் கிளப்பில் அலசும்போது பேச்சு எங்கே சிக்குகிறது, எப்படி எடுப்பது

முதல் தடவை ஜர்னல் கிளப்பில், ஒளியால் நியூரான்களை இயக்கும் ஆப்டோஜெனெடிக்ஸ் முறையில் செய்த ஒரு பேப்பரை எடுத்தபோது கடைசி ஸ்லைடில் மூன்று வரி போட்டிருந்தேன். கண்ட்ரோல் போதாது, தூண்டல் குறிப்பானதல்ல, முடிவு மிகைப்படுத்தப்பட்டது. பின்வரிசையில் இருந்த மேடம் ஒருவர் "எந்த கண்ட்ரோல்? எதைத் தள்ளுவதற்கு?" என்று கேட்டார். பதில் இல்லை. அந்த மூன்று வரியையும் எந்த பேப்பரின் கடைசியில் ஒட்டினாலும் பொருந்தும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு மற்றவர்களின் அவுட்லைன்களைத் திருத்திக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது, ஒரே இடங்களில்தான் எல்லோரும் சிக்குகிறார்கள். அதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டு இல்லாமல் பேசினால் காற்றில் போய்விடும் என்பதால் ஒரு பேப்பரைக் கையில் வைத்துக்கொள்வோம்: 2009ல் சயன்ஸ் இதழில் வந்த, ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைஸராத், லூயிஸ் டி லசீயா குழுவினரின் வேலை, முதல் ஆசிரியர் ஹ்சிங்-சென் சாய். டோபமைன் நியூரான்களில் மட்டும் க்ரீ என்சைம் வெளிப்படும் சுண்டெலிகள் (டோபமைன் தயாரிப்பில் வரும் டைரோசின் ஹைட்ராக்ஸிலேஸ் என்ற என்சைமின் மரபணுவோடு க்ரீயைக் கோத்திருப்பார்கள், இனிமேல் டிஎச் என்றே சொல்கிறேன்), நடுமூளையின் விடிஏ பகுதியில் க்ரீ இருந்தால் மட்டுமே, நீல ஒளி பட்டால் நியூரானைத் தூண்டும் சானல்ரோடாப்சின் என்ற புரதத்தைச் செய்யவைக்கும் வைரஸ், மேலே ஒளியைக் கொண்டுபோகும் ஒரு ஃபைபர். 50 ஹெர்ட்ஸ் ஒளியோடு பழக்கிய அறையை எலிகள் விரும்பின, 1 ஹெர்ட்ஸ் ஒளியில் அந்த விருப்பம் வரவில்லை. டோபமைன் நியூரான்களின் கொத்தான வெடிப்பே பழக்கக் கற்றலுக்குப் போதுமானது என்பது தலைப்பிலேயே இருக்கும் முடிவு.

நல்ல பேப்பர்தான். மோசமான பேப்பரை எடுத்தால் குறை சொல்வது சுலபம், கேட்பவர்களுக்கும் எதுவும் மிஞ்சாது, அதனால்தான் இதை எடுக்கிறேன்.

அறிகுறி: "எந்த கண்ட்ரோல்?" என்று கேட்டதும் வாய் அடைத்துப்போகிறது

காரணம், நீங்கள் கண்ட்ரோலை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். எலி அந்த அறைக்கு ஏன் போனது என்பதற்கு வேறு என்னென்ன கதை சொல்லலாம் என்று முதலில் எழுதுங்கள், அப்புறம் ஒவ்வொரு கதையையும் எந்தக் குழு அடைக்கிறது என்று பாருங்கள். இந்த மாதிரி சோதனையில் எனக்குத் தெரிந்து நிஜமாகவே தொந்தரவு கொடுக்கும் கதைகள் நான்கு: ஒளி திசுவைச் சூடாக்கியது, ஒளி கசிந்து எலியின் கண்ணில் பட்டது, வைரஸும் அது செய்த அந்நியப் புரதமும் செல்லை மாற்றிவிட்டன, தூண்டல் எந்த நேரத்தில் வந்தது என்பது முக்கியமே இல்லை, வந்ததே போதும்.

இதில் சூட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2019ல் ஓவன், லியூ, க்ரைட்ஸர் மூவரும் நேச்சர் நியூரோசயன்ஸில் காட்டியதைப் பாருங்கள். ஆப்டோஜெனெடிக்ஸ் சோதனைகளில் வழக்கமாகப் பயன்படும் அளவு ஒளியே மூளைத் திசுவை 0.2 முதல் 2 டிகிரி வரை சூடாக்கும், ஸ்ட்ரையேட்டத்தின் நடுத்தர அளவு நியூரான்களில் அது ஒரு பொட்டாசியம் மின்னோட்டத்தைத் திறந்து, அவை சுடுவதை, அதாவது மின்துடிப்பு விடுவதை, குறைத்துவிடும், எலி ஒரு பக்கமாகத் திரும்பவும் ஆரம்பிக்கும். ஒளியை உணரும் புரதம் எதுவுமே போடாத மூளையில் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் பேப்பருக்கு வருவோம். 1 ஹெர்ட்ஸ் குழு ஒரு அழகான உள்கண்ட்ரோல், அதே எலி வகை, அதே வைரஸ், அதே ஃபைபர். வைரஸ் கதையை அது கிட்டத்தட்ட அடைத்துவிடுகிறது. ஆனால் சூட்டை? இங்கேதான் பலர் "ஒளி இரண்டிலும் இருக்கிறதே" என்று தாண்டிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். துடிப்பு ஒன்று 5 மில்லிசெகண்ட், லேசர் 10 மில்லிவாட் என்று வைத்துக்கொள்வோம் (பேப்பரின் எண்கள் அல்ல, கணக்குக்காக நான் வைத்தவை). 50 ஹெர்ட்ஸில் ஒரு விநாடியில் 250 மில்லிசெகண்ட் ஒளி எரிகிறது, சராசரி 2.5 மில்லிவாட். 1 ஹெர்ட்ஸில் சராசரி 0.05 மில்லிவாட். ஐம்பது மடங்கு வித்தியாசம். மொத்தத் துடிப்பு எண்ணிக்கையைச் சமமாக வைத்தாலும்கூட ஒரு குழுவில் சூடு சில நொடிகளில் குவிகிறது, மற்றதில் துடிப்புக்குத் துடிப்பு ஆறிவிடுகிறது. ஆகவே 1 ஹெர்ட்ஸ் குழு சூட்டுக்குக் கண்ட்ரோல் ஆகாது. ஒளிரும் புரதம் மட்டும் போட்டு, அதே 50 ஹெர்ட்ஸ் ஒளி கொடுத்த க்ரீ எலிகள்தான் அதற்குச் சரியான குழு. மெத்தட்ஸிலும் துணைக்கோப்பிலும் அந்தக் குழு இருக்கிறதா, இருந்தால் எத்தனை எலி, ஒளி அளவு ஒன்றா என்று விரல் வைத்துத் தேடுங்கள். ஸ்லைடில் "கண்ட்ரோல் இல்லை" என்று போட்டுவிட்டு அது துணைக்கோப்பின் நான்காம் படத்தில் இருப்பதை யாராவது காட்டினால் அதற்குமேல் பேச்சை மீட்க முடியாது, பட்டவன் சொல்கிறேன்.

நீல ஒளி கண்ணுக்குப் போவது தனிக் கதை. ஃபைபர் இணைப்பில் கறுப்பு உறை போட்டார்களா என்று பாருங்கள், அது போதும். பார்வைக்குறியை வைத்து நடத்தும் சோதனையாக இருந்தால் மட்டும் இதற்கு ஒரு ஸ்லைடு ஒதுக்கலாம்.

நேரக் கதைக்கு நல்ல பாடம் இன்னொரு பேப்பரில் இருக்கிறது. 2013ல் ஸ்டைன்பெர்க்கும் பட்ரீசியா ஜானக்கும் டைஸராத்தோடு சேர்ந்து பெரிய எலிகளில் செய்தது. எலி முதலில் ஒரு குறியைச் சர்க்கரைத் தண்ணீரோடு இணைத்துக் கற்கிறது. பிறகு அந்தக் குறியோடு புதிதாக இன்னொன்றைச் சேர்த்துக் கொடுத்தால் புதியதைப் பற்றி எலி எதுவும் கற்பதில்லை, ஏனென்றால் பரிசு ஏற்கனவே எதிர்பார்த்ததுதான். பரிசு வரும் அந்த நொடியில் டோபமைன் நியூரான்களைத் தூண்டினால் புதிய குறியையும் கற்கிறது. அவர்களிடம் இரண்டு கண்ட்ரோல்: க்ரீ இல்லாத எலிக்கு அதே நொடியில் ஒளி, க்ரீ உள்ள எலிக்கு சோதனைகளின் இடைவேளையில் ஒளி. முதல் குழு ஒளியையும் சூட்டையும் தள்ளுகிறது, ஆனால் அதன் செல்களில் சானல்ரோடாப்சினே இல்லை என்பதால் புரதத்தால் வரும் கோளாறைத் தள்ளாது. அதை இரண்டாவது குழு தள்ளுகிறது, கூடவே "எப்போது தூண்டினாலும் போதும்" என்ற கதையையும் அடைக்கிறது. ஒரு குழுவின் ஓட்டையை மற்றது மூடும்படி வைத்திருக்கிறார்கள். இதை ஒரு ஸ்லைடில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், சாய் பேப்பரில் எந்தக் கதை இன்னும் திறந்திருக்கிறது என்பது தானாகத் தெரியும், நீங்கள் குறை சொல்லவே வேண்டாம்.

அறிகுறி: "95 சதவீதம் ஒத்துப்போகிறது" என்றதும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், நீங்களும்தான்

எதில் 95? இந்தப் படத்தில் இரண்டு விகிதம் ஒளிந்திருக்கும். சானல்ரோடாப்சின் தெரியும் 200 செல்களை எண்ணி அதில் 190 செல் டிஎச் சாயம் ஏற்றிருந்தால் 95 சதவீதம், இது குறிப்புத்தன்மை. அதே வெட்டில் டிஎச் சாயம் ஏற்ற செல்கள் மொத்தம் 400 என்றால் அதில் 190தான் நம் பிடியில், 47.5 சதவீதம், இது எவ்வளவு செல்லைப் பிடித்தோம் என்ற கணக்கு. ஆசிரியர்கள் இரண்டையும் எழுதியிருப்பார்கள், ஸ்லைடுக்கு வரும்போது பெரிய எண் மட்டும் தப்பிப் பிழைக்கும். தூண்டும் சோதனைக்கு முதல் எண் முக்கியம், அடக்கும் சோதனைக்கு இரண்டாவதும் சம முக்கியம், பாதி செல் தப்பித்திருந்தால் "அடக்கியும் எதுவும் ஆகவில்லை" என்பதற்கு அர்த்தமே கிடையாது.

ஆனால் அதைவிட முக்கியம் எங்கே எண்ணினார்கள் என்பது. விடிஏவின் நடுவில் எண்ணினால் எண் அழகாக வரும். 2015ல் லாம்மெலும் கூட்டாளிகளும் நியூரான் இதழில் டிஎச் க்ரீ எலிகளையும், டோபமைனை உள்ளிழுக்கும் புரதத்தின் மரபணுவோடு க்ரீயைக் கோத்த எலிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். டிஎச் க்ரீ எலிகளில் விடிஏவிலும் அதைச் சுற்றியும், குறிப்பாக நடுக்கோட்டில் இருக்கும் இன்டர்பெடங்குலர் நியூக்ளியஸ் பகுதியில், டோபமைன் அல்லாத செல்களிலும் க்ரீ வேலை செய்தது. இரண்டாவது வகை எலிகள் கணிசமாகச் சுத்தமாக இருந்தன. அவர்கள் சொன்னதை டிஎச் க்ரீ வைத்துச் செய்த எல்லாமே குப்பை என்று பேச்சில் நீட்டிவிடாதீர்கள், அது உங்கள் மிகைப்படுத்தல். கேட்கவேண்டிய கேள்வி சின்னது: இந்த பேப்பரில் எண்ணிய பெட்டி எந்த எல்லைக்குள் வரையப்பட்டிருக்கிறது, ஒளி அந்த எல்லைக்குள்தான் நிற்கிறதா?

அறிகுறி: "ஃபைபர் விடிஏ மேலேதானே இருக்கிறது" என்று யாரோ விவாதத்தை முடித்துவைக்கிறார்கள்

மூளையை வெட்டிப் பார்த்த படத்தில் ஃபைபரின் தடம் சரியான இடத்தில் இருக்கும், அதைப் பார்த்ததும் அறை அமைதியாகிவிடும். ஒளி ஃபைபர் முனையோடு நின்றுவிடுவதில்லை என்பதை எண்ணாகக் காட்டினால்தான் நம்புவார்கள். அராவனிஸ் முதலியோர் 2007ல் கொடுத்த எளிய சமன்பாடு இதற்குப் போதும். ஃபைபரிலிருந்து ஒளி கூம்பாக விரிவதையும் எலித் திசு அதைச் சிதறடிப்பதையும் மட்டும் அது கணக்கில் எடுக்கிறது.

```python
from math import pi, sqrt
P, r, NA, n, S = 10, 0.1, 0.37, 1.36, 11.2
rho = r*sqrt((n/NA)**2 - 1)
for z in (0, 0.25, 0.5, 1.0, 1.3):
    I = P/(pi*r*r) * rho**2/((S*z+1)*(z+rho)**2)
    print(z, round(I, 2))
```

`P` மில்லிவாட்டில், `r` என்பது ஃபைபர் உள்ளகத்தின் ஆரம், `z` முனையிலிருந்து ஆழம், இரண்டும் மில்லிமீட்டரில். `NA` ஃபைபரிலிருந்து ஒளி எவ்வளவு விரியும் என்ற எண், `n` திசுவின் ஒளிவிலகல் எண், `S` திசுவின் சிதறல் எண். ஃபைபர் 200 மைக்ரான், 10 மில்லிவாட் என்று ஓட்டினால் முனையிலேயே சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 318 மில்லிவாட், கால் மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட 29, அரை மில்லிமீட்டரில் 8.3, ஒரு மில்லிமீட்டரில் 1.8, 1.3 மில்லிமீட்டரில் 0.94. சானல்ரோடாப்சினைத் திறக்கச் சதுர மில்லிமீட்டருக்கு 1 மில்லிவாட் போதும் என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஆக முனைக்குக் கீழே ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் செல்கள் தூண்டப்படலாம். சுண்டெலியின் விடிஏவே மேலிருந்து கீழாக ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட சமாச்சாரம், பக்கத்தில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா, நடுவில் மேலே சொன்ன இன்டர்பெடங்குலர். அதாவது இந்த அளவு ஒளியில் இடத்தைத் தேர்ந்தெடுப்பது ஃபைபர் அல்ல, வைரஸ் எங்கே பரவியது, க்ரீ எங்கே வேலை செய்தது என்பதுதான். முந்தைய அறிகுறியில் கேட்ட எல்லைக் கேள்வி இப்போது பல் முளைத்து நிற்கிறது: ஒளி அங்கே போகிறது, அங்கே டோபமைன் அல்லாத செல்லிலும் க்ரீ இருக்கிறது.

இந்தக் கணக்கு திசு ஒளியை உறிஞ்சுவதையும் ரத்தக்குழாய் மறைப்பதையும் சேர்க்காது, பக்கவாட்டில் எவ்வளவு பரவும் என்று சொல்லாது. அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கருவி தெரிந்தவர் ஒருவர் சொல்வார்.

அறிகுறி: புள்ளிவிவர ஸ்லைடு வந்ததும் அறையே போனை எடுக்கிறது

ஒரே ஒரு தவறை மட்டும் தேடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். தூண்டிய குழுவில் மாற்றத்துக்கு நட்சத்திரம் இருக்கும், கண்ட்ரோலில் இருக்காது, அதை வைத்தே இரண்டும் வேறு என்று முடித்திருப்பார்கள். தூண்டிய எலிகள் அறையில் கூடுதலாக 120 விநாடி இருந்தன, பிழை 50. பத்து எலி என்றால் இது 0.05ஐத் தாண்டி உள்ளே வந்துவிடும். கண்ட்ரோல் எலிகள் கூடுதலாக 60 விநாடி, பிழை அதே 50, நட்சத்திரம் இல்லை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 60, அதன் பிழை சுமார் 71. ஒன்றுமே இல்லை. நீவன்ஹவ்ஸும் வேறு இருவரும் 2011ல் ஐந்து முன்னணி இதழ்களின் 513 நரம்பியல் கட்டுரைகளைப் புரட்டியதில், இந்தத் தவறு செய்ய வாய்ப்பிருந்த 157ல் 79 கட்டுரைகள் தவறாகவே செய்திருந்தன. நம் பேப்பரில் 50க்கும் 1க்கும் நேரடியாக ஒப்பீடு நடந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நடந்திருந்தால் "இது சரி" என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். சரியாகச் செய்ததைச் சொல்வதும் விமர்சனம்தான்.

அறிகுறி: "மிகைப்படுத்தல்" என்றதும் அறை உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது

இதுதான் பெரும்பாலான அவுட்லைன்கள் உடையும் இடம். காரணம் எளிது, ஆசிரியர்கள் என்ன சொன்னார்கள் என்று வார்த்தைக்கு வார்த்தை எழுதாமல், நாம் நினைவில் வைத்திருப்பதை அவர்கள் வாயில் போட்டுவிடுகிறோம். சாய் பேப்பரின் தலைப்பை மீண்டும் படியுங்கள். "டோபமைன்" என்று சொல்லவில்லை, "டோபமைன் நியூரான்களின் வெடிப்பு" என்கிறது. "தேவையானது" என்று சொல்லவில்லை, "போதுமானது" என்கிறது. இரண்டு சொல்லும் யோசித்து வைத்தவை. இந்த நியூரான்கள் சில குளுட்டமேட்டையும் சேர்த்தே விடுகின்றன என்று அடுத்த வருடமே, 2010ல், இரண்டு குழுக்கள் ஆப்டோஜெனெடிக்ஸ் வைத்தே காட்டின. நியூரானைத் தூண்டினோம் என்பதற்கும் டோபமைனால் நடந்தது என்பதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. தலைப்பு அந்த இடைவெளியைத் தாண்டவில்லை, தாண்டியவர்கள் பிறகு மேற்கோள் காட்டியவர்கள். என் கருத்தில் இந்த பேப்பரைப் பற்றிய மிகைப்படுத்தலில் பெரும்பங்கு அறிமுக ஸ்லைடுகளில்தான் இருக்கிறது, "டோபமைன் என்றால் இன்பம்" என்று ஒரு படத்தோடு.

அப்படியானால் விமர்சிக்க எதுவும் இல்லையா? இருக்கிறது, "போதுமானது" என்ற சொல்லுக்குள்ளேயே. எது போதுமானது என்று நிபந்தனைகளைச் சேர்த்து வாக்கியத்தை நீட்டிப் பாருங்கள்: ஒளி பட்ட செல்கள் எல்லாம் ஒரே நொடியில், 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தரம், வேறு பரிசு எதுவும் இல்லாத பெட்டியில் தூண்டப்பட்டால், எலி அந்த இடத்தை விரும்பப் போதுமானது. இயல்பான டோபமைன் நியூரான் வெடிப்பு இப்படி இல்லை. கிரேஸும் பன்னியும் 1984ல் எலிகளில் வைத்த அளவுகோல்படி இரண்டு துடிப்பு 80 மில்லிசெகண்டுக்குள் வந்தால் வெடிப்பு ஆரம்பம், இடைவெளி 160ஐத் தாண்டினால் முடிவு. பெரும்பாலும் சில துடிப்புகளில் அடங்கிவிடும், செல்லுக்குச் செல் முன்பின் இருக்கும். லேசர் எல்லாரையும் ஒரே தாளத்தில் நிறுத்துகிறது.

அடுத்த கேள்வி, 50 ஹெர்ட்ஸ் ஒளி கொடுத்தால் 50 ஹெர்ட்ஸில் சுடுமா? சானல்ரோடாப்சின் மூடுவதற்கு நேரம் எடுக்கும், அதிவேகத்தில் செல் துடிப்புகளைத் தவறவிடும். அச்சில் எழுதியிருப்பது லேசரின் ஹெர்ட்ஸ், நியூரானின் ஹெர்ட்ஸ் எவ்வளவு என்பதை மூளைத்துண்டுப் பதிவுகளில்தான் பார்க்கவேண்டும். இந்தப் படத்தைப் பேச்சில் காட்டாமல் "கொத்தான வெடிப்பு" என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளவும் கூடாது, மறுக்கவும் கூடாது.

ஆக ஸ்லைடில் இடதுபக்கம் ஆசிரியர்களின் வாக்கியம் அப்படியே, வலதுபக்கம் தரவு தாங்கும் வாக்கியம். நடுவில் உங்கள் அபிப்பிராயம் எதுவும் வேண்டாம். நான் இப்படி மாற்றியதும் அறையில் யாரும் ஆசிரியர்களுக்காக வக்காலத்து வாங்கவில்லை, வலதுபக்க வாக்கியம் சரியா என்றுதான் சண்டை போட்டார்கள், அது வேண்டிய சண்டை.

அறிகுறி: 30 நிமிடத்தில் 26 நிமிடம் பின்னணியிலேயே போய்விட்டது

ஆப்டோஜெனெடிக்ஸ் வரலாறு, பாசியிலிருந்து புரதம் எடுத்த கதை, இதெல்லாம் வெட்டுங்கள். முதல் ஸ்லைடிலேயே தலைப்பு வாக்கியத்தை வையுங்கள், இரண்டாவதில் சோதனை ஒரு படமாக, மூன்றாவதிலிருந்து மாற்றுக்கதைகள். ஒளிக் கணக்கு ஒரு ஸ்லைடு, இரு பக்க வாக்கியம் ஒரு ஸ்லைடு. புள்ளிவிவரத்தில் தவறு கண்டால் மட்டும் அதற்கு ஸ்லைடு.

அறிகுறி: "சரி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்றதும் ஆறு சோதனை சொல்கிறீர்கள்

ஒன்று சொல்லுங்கள். இந்த பேப்பருக்கு என் பதில், டோபமைன் உள்ளிழுப்புப் புரதத்தோடு க்ரீ கோத்த எலிகள், ஒரு குழுவுக்கு சானல்ரோடாப்சின், இன்னொன்றுக்கு ஒளிரும் புரதம் மட்டும், இரண்டுக்கும் அதே 50 ஹெர்ட்ஸ், அதே மில்லிவாட். விருப்பம் சானல்ரோடாப்சின் குழுவில் மட்டும் நின்றால் சூடும் கசிந்த க்ரீயும் ஒரே அடியில் போய்விடும். நிற்காவிட்டால் இரண்டில் எது காரணம் என்று இந்த வடிவமைப்பில் ஓரளவு பிரித்துச் சொல்லலாம்: ஒளிரும் புரதக் குழுவும் அந்த அறைக்குப் போனால் ஒளி அல்லது சூடு, இரண்டு குழுவுமே போகாவிட்டால் பழைய விளைவில் பக்கத்துச் செல்களுக்குப் பங்கு இருந்திருக்கலாம். அந்தக் கடைசி "இருந்திருக்கலாம்" ஸ்லைடில் அப்படியே இருக்கட்டும். புதிய எலி வகையில் வைரஸ் குறைவான செல்லைப் பிடித்தாலும் அதே முடிவு வரும், அதனால் இந்தச் சோதனையிலும் அந்த 47.5 மாதிரி எண்ணை முதலில் எண்ணித்தான் ஆகவேண்டும்.